லோன் ஆப் மிரட்டல், அதன்மேல் க்யூஆர் மோசடி: புகாரை எந்தப் பிரிவில் கொடுப்பது?

வெண்பா
வணக்கம். ஓர் ஆப்பில் 6,000 ரூபாய் கடன் கேட்டேன். கணக்கில் வந்தது 3,600தான். தவணை ஏழே நாள் என்பது பணம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஐந்தாம் நாளே மிரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். என் படத்தை ஆபாசமாக மாற்றி அக்காவுக்கும் ஆபீசில் இரண்டு பேருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பயந்துபோய் 6,000 கட்டினேன், "வந்து சேரவில்லை" என்றார்கள். நேற்று ராத்திரி செட்டில்மென்ட் ஆபீசர் என்று ஒருவர் பேசி, கட்டிய பணம் திரும்ப வரும் என்று க்யூஆர் அனுப்பினார். ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டதும் இன்னும் 4,500 போய்விட்டது. ஸ்டேஷனில் "கடன் வாங்கினது நீங்கதானே?" என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன். இப்போது எங்கே, என்னவென்று புகார் கொடுப்பது?

பழையபாதை
கடன் வாங்கியிருந்தால் அது சிவில் விவகாரம், போலீஸ் தலையிட மாட்டாங்க. க்யூஆர்ல போன பணத்துக்கு மட்டும் சைபர் மோசடி உதவி எண் 1930ல சொல்லுங்க. முதல்ல அந்த ஆப்பை அழிச்சிடுங்க.

கணக்கன்
ஆப்பை இப்போதைக்கு அழிக்காதீங்கம்மா. தொடர்புப் பட்டியல் ஏற்கெனவே அவங்க கைக்குப் போயாச்சு, அழிச்சா சாட்சிதான் போகும். செட்டிங்ஸ்ல போய் எல்லா அனுமதியையும் நிறுத்திட்டு, கடன் தொகை, கெடு தேதி தெரியுற பக்கங்களை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் பண்ணி வையுங்க.

பழையபாதை சொன்னதுல பாதி சரி. கடன் பாக்கி சிவில்தான். ஆனா படத்தை வச்சு மிரட்டிப் பணம் பறிச்சது புது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல பிரிவு 308, ஆபாசப் படம் அனுப்பினது ஐடி சட்டம் 67. ஆபீசர்னு ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்தினது அதே சட்டத்துல 66D. உங்க வழக்குல மூணும் இருக்கு. எல்லாத்தையும் 'லோன் ஆப் தொல்லை'ன்னு ஒரே மூச்சில சொன்னதாலதான் ஸ்டேஷன்ல கடன் பக்கம் திரும்பிட்டாங்க.

இன்னைக்கே 1930க்குப் போன் பண்ணி 4,500ல இருந்து ஆரம்பிங்க. அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள முடக்குறதுக்குத்தான் அந்த எண். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். யுபிஐ ஆப்ல அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தா 12 இலக்க யுடிஆர் எண் இருக்கும். அது, தேதி, நேரம், உங்க வங்கி பேரு, நாலையும் கையில வச்சுக்குங்க. 6,000 கட்டினதையும் அதோட யுடிஆரோட சொல்லுங்க, ஆனா "மிரட்டல்ல கட்டினேன்"னு சொல்லுங்க. படம் பத்தி cybercrime.gov.in-ல பெண்கள், குழந்தைகள் பிரிவுல தனியாப் பதிவு பண்ணி, ரெண்டுலயும் மத்த புகாரோட எண்ணைக் குறிப்பிடுங்க.

மழைச்சாரல்
எனக்கும் போன வருஷம் கார்டுல 11,000 போச்சு. மூணு வேலை நாளுக்குள்ள வங்கியில எழுதிக் கொடுத்தேன், முழுசா வந்துடுச்சு. ரிசர்வ் வங்கி விதி அது. நீங்களும் கேளுங்க சிஸ்டர்.

கணக்கன்
மழைச்சாரல், அந்த 2017 விதி உங்களுக்குப் பொருந்தும், ஏன்னா உங்க தப்பு எதுவும் இல்லாம வெளியாள் எடுத்த பணம் அது. இங்க பின் நம்பரை வெண்பாவே போட்டிருக்காங்க. வங்கி கையை விரிக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் வெண்பா, வங்கிக்கு எழுத்துல சொல்லுங்க. சொன்ன பிறகு ஏதாவது போனா அது வங்கி பொறுப்பு.

இன்னொண்ணு, அந்த 3,600 யார் பேர்ல வந்ததுன்னு ஸ்டேட்மென்ட்ல பாருங்க.

வெண்பா
பார்த்தேன் சார். யாரோ ஒரு தனி ஆளின் பெயர்.

கணக்கன்
அப்போ உரிமம் உள்ள நிறுவனம் இல்லைன்னுதான் நினைக்கிறேன். விதிப்படி கடன் கொடுக்கிற வங்கியோ நிதி நிறுவனமோ தன் கணக்குல இருந்து நேரா உங்க கணக்குக்கு அனுப்பணும். தொடர்புப் பட்டியலை ஆப் தொடவே கூடாது. உரிமம் உள்ள நிறுவனம்னா முதல்ல அவங்களுக்கே எழுதி, 30 நாள்ல பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கியோட புகார் தளம் cms.rbi.org.in போகலாம். இது அந்த வழி இல்லை. உரிமம் இல்லாதவங்களைப் பத்திப் புகார் சொல்ற sachet.rbi.org.in-ல போடுங்க, போலீஸ் புகார் எண்ணோட.

பழையபாதை
சிபில் ஸ்கோர் போயிடாதா?

கணக்கன்
உரிமம் இல்லாதவனால சிபில்ல ஏத்த முடியாது. அது வெறும் மிரட்டல்.

வெண்பா
1930ல் பதிவாகிவிட்டது. 4,500ல் 1,800 மட்டும் முடங்கியிருக்கிறது, மீதி வேறு கணக்குக்குப் போய்விட்டதாம். அந்த 1,800 எப்போது கிடைக்கும்? அக்கா வெட்கப்பட்டு அந்தப் படங்களை அழித்துவிட்டாள். அது பிரச்சினையா?

கணக்கன்
முடங்கின பணத்துக்கு நீதிமன்ற உத்தரவு வேணுமான்னு முதல்ல ஸ்டேஷன்ல கேளுங்க. வேணும்னா புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 503ல மனு போடணும், சில இடங்கள்ல லோக் அதாலத்துலயே முடிக்கிறாங்க. எத்தனை நாள்னு ஊருக்கு ஊர் மாறும். அக்கா அழிச்சது பரவாயில்லை, ஆபீஸ்ல படம் வந்த ரெண்டு பேர்ல ஒருத்தராவது அழிக்காம வச்சிருந்தாப் போதும். வந்த எண்ணும் நேரமும் தெரியுற மாதிரி அவங்க போன்லயே இருக்கட்டும். உங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணச் சொல்லாதீங்க, அனுப்பின எண் அதுல காணாமப் போயிடும்.

வெண்பா
ஒருவர் வைத்திருக்கிறார், இப்போதுதான் கேட்டேன். கட்டின 6,000 திரும்ப வருமா என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.