நாக்கு ஓர மடிப்பில் முட்டிய கதை

பீன்யா பட்டறைக்காரன்:
பெங்களூரு பீன்யாவில் வாடகைக்குப் பட்டறை எடுத்திருக்கிறேன். சென்ற மாதம் 80 மி.மீ. உயரத்தில், மூடியில்லாத 20 பெட்டிகளுக்கு ஆர்டர் வந்தது. தகடு 1 மி.மீ. இரும்பு. சுவர்களின் மேல் ஓரம் கையை வெட்டாதிருக்க, 10 மி.மீ. உள்பக்கமாக மடித்து நசுக்கினோம். இதை முதலிலேயே செய்துவிட வேண்டும். சுவர் எழுந்தபின் நசுக்க வழியில்லை. அடுத்து, மூலையில் நெட்டைச் சுவரின் உள்பக்கத்தோடு ஒட்டுவதற்காகக் குட்டைச் சுவர்களின் பக்கவாட்டில் விட்ட தகட்டு நாக்குகளை மடித்தோம், கடைசியில் சுவர்களை நிமிர்த்தினோம்.

நாக்கையும் சுவரையும் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே அழுத்திக் கரண்ட் விட்டு, மூலைக்கு மூன்று ஸ்பாட் வெல்டிங். கீழே இரண்டும் அருமை. மேலே உள்ளது மட்டும் பட்டாசு போலப் பொறி பறந்து ஓட்டை விழுந்தது. ஆறு பெட்டிகள் வீண்.

அல்சூர் தம்பி:
அண்ணா, கரண்ட் போதவில்லை. இன்னும் கூட்டுங்கள்.

ஓய்வுபெற்ற டூல்ரூம்காரர்:
தம்பி, கூட்டினால் ஓட்டைதான் பெரிதாகும். நாக்கு சுவரின் முழு உயரத்துக்கும் இருந்ததா? அப்படியானால் அதன் தலை ஓர மடிப்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். மடிப்புக்குக் கீழே நாக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தகட்டுக் கனத்துக்கு இடைவெளி. மின்முனையின் அழுத்தமெல்லாம் அதை மூடுவதிலேயே தீர்ந்துவிடும். தகடுகள் தொடுவது ஊசிமுனை இடத்தில். அங்கே இரும்பு உருகித் தெறிக்கும். நாக்கை மேலே 12 மி.மீ. வெட்டிக் குறையுங்கள். முதலில் இரண்டு துண்டுகளை ஒட்டி, உளி வைத்துப் பிரித்துப் பாருங்கள். ஒன்றில் பொத்தான் போல இரும்பு ஒட்டிக்கொண்டு, மற்றதில் ஓட்டை விழுந்தால் ஒட்டு நல்லது. வழவழவென்று பிரிந்து வந்தால் ஒட்டவே இல்லை.

ஒரு வாசகி:
எங்கள் மொட்டைமாடியில் செடி வைக்க இப்படி ஒரு பெட்டி செய்தார்கள். ஸ்பாட் வைத்தும் மூலையில் தண்ணீர் ஒழுகுகிறதே, ஏன்?

ஓய்வுபெற்ற டூல்ரூம்காரர்:
அது வேறு சங்கதி, அம்மா. ஸ்பாட் சட்டைப் பொத்தான் மாதிரி. இரண்டு பொத்தானுக்கு நடுவே திறந்துதான் இருக்கும். தண்ணீர் நிற்க வேண்டுமானால் அந்த மூலையைப் பற்றவைப்பால் அல்லது சீலண்டால் அடைக்க வேண்டும்.

தாராவி தகரக்கடை:
நாங்கள் ஓரத்தை வெளிப்பக்கமே மடிப்போம். உள்சுவர் சமமாகிவிடும், நாக்கு உச்சிவரை போகும். வெட்டும் வேலையே இல்லை.

ஓய்வுபெற்ற டூல்ரூம்காரர்:
மழையில் நிற்கும் பெட்டியானால் அந்த மடிப்பு கீழ்நோக்கித் திறந்திருக்கும். பெயின்ட் முழுதாக உள்ளே போகாது, துரு அங்கேதான் தொடங்கும்.

தாராவி தகரக்கடை:
கீழ்நோக்கித் திறந்திருந்தால் தண்ணீர் வடிந்துவிடும் ஐயா. உங்கள் உள்மடிப்பும் கீழ்நோக்கித்தானே திறந்திருக்கிறது?

பீன்யா பட்டறைக்காரன்:
மிச்சம் 14 பெட்டிகளுக்கும் நாக்கை வெட்டினேன். பொறி பறக்கவில்லை, பிரித்துப் பார்த்த துண்டிலும் பொத்தான் வந்தது. ஆனால் மூலையின் உச்சியில் 12 மி.மீ. பிடிப்பில்லாமல் நிற்கிறது, கட்டைவிரலால் தள்ளினால் இலேசாக விலகுகிறது. வாங்குபவர் இன்னும் கவனிக்கவில்லை.