மாமி போன பிறகு இவர் என்னோட கதைக்கிறாரில்லை, என்ன செய்யலாம்?

வணக்கம் உறவுகளே. நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். மாமி தவறி இண்டைக்கு 38 நாள். எட்டுச் செலவு, அந்தியேட்டி எல்லாத்தையும் இவர்தான் ஓடி ஓடிச் செய்தவர். அப்ப ஒரு துளி கண்ணீர் இல்லை. சனம் கலைஞ்சு போன பிறகுதான் ஆள் மாறினது.

கேட்டால் "ம்" மட்டும்தான். பின்னேரம் மாமியின்ர கதிரைக்குப் பக்கத்தில நிலத்தில இருக்கிறார், கதிரையில இருக்கிறாரில்லை. போன கிழமை நான் பொறுக்கேலாமல், "என்னோட ஏதும் கோவமா, ஒருக்கா அழுதிட்டு விடுங்கோவன்" எண்டு கேட்டிட்டன். எழும்பி வயலுக்குப் போனவர், இருட்டினாப் பிறகுதான் வந்தவர். அது என்ர பிழை. என்ர பயத்துக்குத்தான் நான் பதில் தேடினனான்.

இப்ப கேள்வி கேக்கிறதை விட்டிட்டன். பிளேன்ரீயை வைச்சிட்டு, "நான் குசினியில இருக்கிறன்" எண்டு மட்டும் சொல்லுவன். முந்தநாள் மாமி நட்ட முருங்கைக்கு நான் தண்ணி விடேக்க, தானாவே வந்து, "அம்மா காலமைதான் விடுறவ" எண்டார். நான் "ஓம்" எண்டு மட்டும் சொன்னன்.

சாப்பிடுறார், வேலைக்குப் போறார், குடியில்லை. ஆனால் நித்திரை குறைவு. இதைக் கடந்து வந்தாக்கள் சொல்லுங்கோ: அந்த நேரம் பக்கத்தில இருந்த ஆள் என்ன செய்தது உங்களுக்கு ஆறுதலாயிருந்தது? எந்த அறிகுறியைக் கண்டால் நான் காத்திராமல் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில கதைக்கவேணும்?