புதுப்பிப்பு: 26 கிலோ பையனுக்கு எந்த அட்ரினலின் ஊசி பேனா?

என் பழைய கேள்வி: "பையன் 26 கிலோ, கடலை அலர்ஜி, அட்ரினலின் பேனா 0.15 போதுமா, 0.3 வேணுமா?"

டாக்டர் 0.3-தான் எழுதினார். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்னு பார்த்தா அவனுக்கு 0.26 வேணும், 0.15 குத்தினா பாதிக்குக் கொஞ்சம் மேலதான் போகும், 0.3-ன்னா துளி அதிகம், கை நடுங்கும், படபடன்னு இருக்கும், கொஞ்ச நேரத்துல அடங்கிடுமாம்.

"30 கிலோ வரைக்கும் 0.15"ன்னு சொன்ன அண்ணா, சில பேனா பெட்டில அப்படித்தான் போட்டிருக்கு, ஆனா 25-லயே மாத்தச் சொல்ற டாக்டருங்க நிறைய பேர். டோஸ் கணக்கை முதல்ல சொன்ன நர்ஸ் அக்காவுக்கு நன்றி.

9 கிலோ பாப்பாவுக்குக் கேட்டவங்க, உங்களுக்கு 0.09-தான் வருது, அது வேற கதை, உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க.

ஸ்கூல்ல இருக்கிற பழைய 0.15-ஐயும் மாத்தணும், அதுவரைக்கும் அவசரம்னா அதையே தொடையில குத்தணும்னு எங்க டாக்டர் சொன்னார். பையன் ஒல்லி, ஊசி எலும்புல படுமோன்னு மட்டும் இன்னும் யோசனை.