தீபாவளி ஆர்டர் ஆப்: அடுத்து எங்கே உடையும்?

வணக்கம் நண்பர்களே. லிட்டில் இந்தியா பலகாரக் கடைகளுக்கான எங்கள் ஆர்டர் ஆப் அடுத்த மாதம் வெளியாகிறது. k6 என்ற சுமைச் சோதனைக் கருவியில் 200 போலிப் பயனர்களை விட்டுப் பார்த்தேன், ஒரு பிழைகூட இல்லை. அங்கேதான் ஏமாந்தேன். சர்வர் மெதுவானால் அந்தப் பயனர்களும் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். சுமை தானாகக் குறைந்துவிடும். தீபாவளிக் கூட்டம் அப்படியா காத்திருக்கும்?

பதிலுக்குக் காத்திருக்காமல் புது ஆர்டர்களை அனுப்பும் `ramping-arrival-rate`-க்கு மாற்றி, நொடிக்கு வரும் ஆர்டர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். 250-ஐத் தாண்டியதும், 300 மில்லிசெகண்டில் வந்த பதில் 9 நொடி ஆகிவிட்டது. சிபியு வெறும் 35%! டேட்டாபேஸ் பூலில் 20 கனெக்‌ஷன்தான். ஒவ்வொரு ஆர்டரும் ஒன்றை 80 மில்லிசெகண்ட் பிடித்து வைக்கிறது. 20 ÷ 0.08 = 250, கணக்கு அப்படியே பொருந்துகிறது.

பூலை 40 ஆக்கினால் 500 வருமா, இல்லை டேட்டாபேஸ் முட்டிக்கொண்டு அந்த 80 மில்லிசெகண்டே நீளுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.