கூட்டக் குறிப்பு மின்னஞ்சலின் முடிவில் அடுத்த தேதியை எழுதலாமா?

மணலி புதியவன்:
தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஒப்பந்ததாரர்களுடன் நடக்கும் கூட்டத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்புவது என் வேலை. "அடுத்த கூட்டம் பின்னர் அறிவிக்கப்படும்" என்றே முடிப்பேன். இப்போது மேலாளர், "தேதியையும் நோக்கத்தையும் எழுது" என்கிறார். 9-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கூடினோம். பம்புக்கான விலைப்புள்ளிகள் 16-ஆம் தேதி வர வேண்டும். கூட்டத்தில் பேசாத தேதியை நான் எப்படி எழுதுவது?

தண்டையார்பேட்டை தாத்தா:
எழுதாதீர்கள். நடந்ததைப் பதிவதுதான் குறிப்பு. பேசாத தேதியை அதில் நுழைத்தால், "கூட்டத்திலேயே முடிவானது" என்று நாளை ஒருவர் அதைக் காட்டிச் சண்டைக்கு வருவார். தேதிக்குத் தனி மின்னஞ்சல் போடுங்கள்.

ஒற்றியூர்க்காரி:
ஐயா, குறிப்புக்குள் வேண்டாம் என்பது சரி. தனி மின்னஞ்சல்தான் வீண். அதை யாரும் திறப்பதில்லை. முடிவுகளும் யார் எதைச் செய்ய வேண்டும் என்ற பட்டியலும் முடிந்ததும், இடம் விட்டு, தம்பி தன் பெயரிலேயே ஒரு பத்தி எழுதட்டும்:

"அடுத்த கூட்டத்தை 18-ஆம் தேதி வியாழக்கிழமை காலை 11 மணிக்கு, அரை மணி நேரம் வைக்கலாம் என்று முன்மொழிகிறேன். வந்திருக்கும் விலைப்புள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நோக்கம். நேரம் ஒத்துவராதவர்கள் 11-ஆம் தேதி மாலைக்குள் தெரிவிக்கவும். விலைப்புள்ளி தாமதமானால் கூட்டமும் தள்ளிப்போகும்."

17-இல் வைத்தால் யாரும் விலைப்புள்ளியைப் படித்திருக்க மாட்டார்கள். நோக்கம் "பம்பு குறித்து ஆலோசனை" என்றிருந்தால், கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர் உதவியாளரை அனுப்பிவிடுவார். பிறகு அதே பம்புக்கு இன்னொரு கூட்டம்.

பெரம்பூர் செயலாளர்:
எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் நான் மூன்று தேதி கொடுத்து விருப்பம் கேட்பேன். ஆளுக்கொரு தேதி சொல்வார்கள், எதற்கும் வர மாட்டார்கள். சமோசா உண்டு என்று எழுதிப் பாருங்கள்.

ஒற்றியூர்க்காரி:
உங்கள் சிக்கல் வருகை, செயலாளரே. ஆனால் மூன்று தேதி கொடுத்ததும் ஒரு காரணம். ஒன்றைச் சொல்லி மறுப்பு கேளுங்கள். பொதுக்குழு என்றால் மட்டும் இந்தப் பத்தி போதாது. சங்க விதிப்படி முறையான அறிவிப்பு வேண்டும்.

தண்டையார்பேட்டை தாத்தா:
பதில் போடாதவர் சம்மதித்ததாக அர்த்தமா? எங்கள் லாரி ஒப்பந்ததாரர் மின்னஞ்சலைப் பார்ப்பதே அபூர்வம். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் 11 மணிக்கு வரவும் மாட்டார்.

ஒற்றியூர்க்காரி:
அவர் இல்லாமல் முடிவெடுக்க முடியாதென்றால் அனுப்பும் முன்பே தொலைபேசியில் கேட்க வேண்டும். மற்றவர்களின் மௌனம் சம்மதம்தான்.

தண்டையார்பேட்டை தாத்தா:
யார் முக்கியம், யார் "மற்றவர்" என்று குறிப்பெழுதும் பையனா முடிவு செய்வது? இதை நான் ஏற்க மாட்டேன்.

மணலி புதியவன்:
அந்தப் பத்தியை மேலாளரிடம் காட்டினேன். 18 அன்று அவரே விடுப்பாம். 19 வெள்ளிக்கிழமை என்று மாற்றி அனுப்புகிறேன்.