‘கூடாது’ போடாமல் வீட்டு விதிகளை எப்படி எழுதுகிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

மாடி அறை

மாடியில் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேவாக விட்டு மூன்று வருடம் ஆகிறது. முதலில் வீட்டு விதிகளைத் தமிழில் 14 வரியாக எழுதி, அப்படியே இங்கிலீஷாக்கி, கதவின் உள்பக்கம் ஒட்டினேன். வெளிநாட்டுத் தம்பதி ஒருவர் வந்தார்கள், இங்கிலீஷ் அவர்களுக்குத் தாய்மொழி இல்லை. தாளை வாசித்து முடித்ததிலிருந்து இரண்டு நாளும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். அந்த அம்மா என்னிடம் வந்து, “இந்த நாற்காலியில் உட்காரலாமா?” என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

சரி, மென்மையாக எழுதுவோம் என்று எல்லா வரியையும் மாற்றினேன். வெளியாட்களை அழைத்து வரக்கூடாது என்றிருந்ததை, “இட் வுட் பி நைஸ் இஃப் யூ குட் அவாய்ட் விசிட்டர்ஸ்” ஆக்கினேன். விருந்தினர்களைத் தவிர்த்தால் நன்றாயிருக்கும் என்ற அர்த்தத்தில்தான். அடுத்து வந்த பையன் ராத்திரி 11 மணிக்கு இரண்டு நண்பர்களோடு படியேறினான். நான் கேட்டதும் அவன் முகம் நிஜமாகவே குழம்பியது. “நன்றாயிருக்கும் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?” என்றான். அவன் மேல் தப்பு சொல்ல முடியவில்லை.

கடுமையாக எழுதினால் பயப்படுகிறார்கள், மென்மையாக எழுதினால் விதி என்றே தெரியவில்லை. நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

சாவிக்கொத்து

அக்கா, எழுத்தே வேண்டாம். படம் போட்டுடுங்க. நான் எல்லாத்துக்கும் படம்தான். சிகரெட் மேல சிவப்பு வட்டம் குறுக்குக் கோடு, செருப்பு மேல ஒண்ணு, குழாய் மேல ஒண்ணு. மொழிப் பிரச்சினையே கிடையாது.

மூன்றாம் மொழி

சிகரெட் படம் சரி, அதை எங்கே போனாலும் புரிந்துகொள்வார்கள். குழாய்ப் படத்தைப் பார்த்தவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்டீர்களா?

சாவிக்கொத்து

அது குடிக்காதீங்கன்னு அர்த்தம். ஒருத்தர் மட்டும் மூணு நாள் கேன் தண்ணியில பல் தேய்ச்சு, முகம் கழுவியிருக்கார். போகும்போதுதான் தெரிஞ்சுது. குழாயைத் திறக்கவே கூடாதுன்னு நெனச்சிருக்கார் பாவம்.

மூன்றாம் மொழி

அதுதான் சிக்கல். சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் ‘தடை’ என்று மட்டும்தான் சொல்லும், எதற்குத் தடை என்பதைப் பார்ப்பவர் ஊகிக்க வேண்டும். சர்வதேசப் பாதுகாப்புக் குறிகளில் ‘இதைச் செய்யுங்கள்’ என்பதற்குத் தனியாக நீல வட்டம் உண்டு, ‘கவனம்’ என்பதற்கு மஞ்சள் முக்கோணம். நாம் சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து படம் ஒட்டினால் சுவரே கத்துகிற மாதிரி இருக்கும்.

மாடி அறை அவர்களே, சுற்றுலாக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் வேலை. எனக்குத் தெரிந்த இரண்டு விஷயம் சொல்கிறேன்.

நம் காதுக்குக் ‘கூடாது’ பழகிப்போன சொல். பஸ்ஸிலிருந்து பூங்காவரை எங்கும் இருப்பதால் யாரும் அதைத் திட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அதை ‘மஸ்ட் நாட்’ ஆக்கியதும் எடை கூடிவிடுகிறது. ‘அணைக்கவும்’ என்பதில் உள்ள ‘-வும்’ இன்னும் தந்திரமானது. தமிழில் அது கட்டளைதான், ஆனால் அலுவலக மரியாதையோடு வரும். இங்கிலீஷில் அதற்கு ஈடு இல்லாததால் நாம் ‘கைண்ட்லி’ போட்டு ஒப்பேற்றுகிறோம். நமக்கு அது பணிவு. பிரிட்டன், அமெரிக்கா பக்கத்தவர் பலருக்கு, பொறுமை இழந்த அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல இருக்கும். ‘ப்ளீஸ்’ போதும், அதையும் வரிக்கு வரி போடாதீர்கள். தலைப்பில் ஒருமுறை, மிக முக்கியமான வரியில் ஒருமுறை.

இரண்டாவது, உங்கள் ‘நைஸ்’ வரி. வினைச்சொல்லை இளக்கினால் மென்மை வருவதில்லை, விதிதான் இளகிப்போகிறது. ‘இஃப் பாசிபிள்’, ‘ட்ரை டு’ எல்லாம் அதே கதை. ‘வுட் யூ மைண்ட்’ இன்னும் மோசம். இங்கிலீஷை இரண்டாம் மொழியாகப் படித்தவர், அதற்கு ஆமாம் என்பதா இல்லை என்பதா என்றே திணறுவார்.

வாடகை வீடு

எங்கள் கீழ் வீட்டில் மாணவர்கள் தங்கியிருந்தார்கள். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் அபராதத் தொகை எழுதி ஒட்டினேன். மறுநாளே அடங்கிவிட்டார்கள். மென்மை கின்மை எல்லாம் நமக்குச் சரிப்படாது.

மூன்றாம் மொழி

ஐயா, அது மாதக்கணக்கில் தங்குபவர்கள் விஷயம். இங்கே கேட்டது மூன்று நாள் தங்க வருபவர்களுக்கு எப்படி எழுதுவது என்று. அபராதம் வைத்திருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பணம் கட்டி, பெட்டியோடு வந்து நின்ற பிறகு கதவில் பார்த்தால் பொறியில் மாட்டியது போலத்தான் நினைப்பார்கள்.

வாடகை வீடு

சரி. ஆனால் தொகை எழுதினால் எந்த மொழிக்காரனுக்கும் புரியும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மாடி அறை

மூன்றாம் மொழி சொன்னதை வைத்து நேற்று கீசர் வரியை எடுத்து உட்கார்ந்தேன். தமிழில் இருந்தது: “கீசரைத் தேவையில்லாமல் போடக்கூடாது. உபயோகித்தவுடன் கண்டிப்பாக அணைக்கவும்.”

முதல் குழப்பம் ‘கீசர்’ என்ற சொல்லிலேயே. போன வருடம் ஒரு அமெரிக்கப் பெண் அந்த வரியைப் படித்துவிட்டு, பக்கத்தில் வெந்நீர் ஊற்று எங்கே இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர்கள் ஊரில் கீசர் என்றால் பூமியிலிருந்து பீய்ச்சி அடிக்கும் வெந்நீராம். ஆக ‘வாட்டர் ஹீட்டர்’ என்று மாற்றினேன்.

அப்புறம் ‘தேவையில்லாமல்’. எது தேவை, எது தேவையில்லை என்று வந்தவருக்கு எப்படித் தெரியும்? அந்தச் சொல்லில் ஏற்கனவே ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது, நீ வீணாக்கத்தான் போகிறாய் என்பது போல. அதை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்:

“ஹாட் வாட்டர்: டர்ன் ஆன் தி ஹீட்டர் 15 மினிட்ஸ் பிஃபோர் யுவர் ஷவர். டர்ன் இட் ஆஃப் ஆஃப்டர். ரெட் லைட் மீன்ஸ் ஆன்.”

குளிக்க 15 நிமிடம் முன்னால் போடுங்கள், குளித்ததும் அணையுங்கள், சிவப்பு விளக்கு எரிந்தால் ஓடுகிறது. அவ்வளவுதான். கதவிலிருந்து எடுத்து சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன். சரியா?

மூன்றாம் மொழி

நன்றாக வந்திருக்கிறது. சிவப்பு விளக்கைச் சொன்னது ரொம்பச் சரி. நம் பக்கம் சுவிட்சைக் கீழே தட்டினால் ஆன், அமெரிக்காவில் மேலே தட்டினால் ஆன். அணைத்துவிட்டதாக நினைத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

15 நிமிடம் உங்கள் ஹீட்டருக்குப் போதுமா என்று ஒருமுறை கடிகாரம் வைத்துப் பாருங்கள். பச்சைத் தண்ணீர் வந்தால் அப்புறம் தாளில் உள்ள எதையும் நம்பமாட்டார்கள்.

திண்ணை

நான் இதிலே பழுத்த ஆள், ஆனா படிச்சுத் தெரிஞ்சுக்கல, அடிபட்டுத்தான். நேரம் எழுதறதுல உஷாரா இருங்க. இங்கிலாந்துக்காரங்க நிறைய வந்து போனதுல எனக்கும் அவங்க பேச்சு ஒட்டிக்கிச்சு. ஒரு ஜெர்மன்காரர்கிட்ட காலைச் சாப்பாடு ‘ஹாஃப் நைன்’னு சொன்னேன், ஒன்பதரை. மனுஷன் எட்டரைக்கே வந்து உட்கார்ந்துட்டார், நான் அப்பத்தான் பல்லு தேய்க்கறேன். அவங்க மொழியில ‘பாதி ஒன்பது’ன்னா ஒன்பதுக்கு அரைமணி முன்னாடியாம். அன்னையிலேர்ந்து எல்லா நேரமும் எண்தான், பக்கத்துல காலையா ராத்திரியான்னும் போட்டுடறேன்.

இன்னொண்ணு, ஜப்பான்லேர்ந்து வந்த அம்மா ஒருத்தங்க சொன்னது. அவங்க ஊர்ப் பலகைகள்ல ‘தயவுசெஞ்சு தவிர்த்துக்கோங்க’ங்கற மாதிரி ‘கோஎன்ரியோ குதாசாய்’னு எழுதுவாங்களாம். கேட்க எவ்வளவு பணிவா இருந்தாலும் அங்க அதுக்கு முடியாதுன்னுதான் அர்த்தம், யாரும் செய்யமாட்டாங்களாம். மாடி அறைம்மா எழுதின ‘நைஸ்’ வரியும் அந்த ஊர்ல செல்லுபடியாகியிருக்கும் போல!

மூன்றாம் மொழி

திண்ணை ஐயா சொன்னது அருமையான உதாரணம். பணிவான சொல்லுக்குள் இருக்கும் உறுதி அந்த மொழிக்காரருக்குத் தெரியும், மொழிபெயர்த்ததும் பணிவு மட்டும் போய்ச் சேரும், உறுதி வழியிலேயே தங்கிவிடும்.

விருந்தினர் வரிக்கு வருகிறேன். உங்கள் முதல் தாளில் ‘அவுட்சைடர்ஸ்’ என்று எழுதியிருந்தீர்களா? வெளியாட்கள் என்பதை நேராகப் பெயர்த்தால் அதுதான் வரும், கேட்கவே உறைக்கும். நான் எழுதுவதானால்:

“தி ரூம் இஸ் ஒன்லி ஃபார் தி பீப்பிள் ஆன் தி புக்கிங். யூ கேன் மீட் ஃப்ரெண்ட்ஸ் இன் தி ஃப்ரன்ட் வராண்டா அன்டில் 9 பி.எம்.”

அறை, பதிவில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். நண்பர்களை முன் வராந்தாவில் இரவு 9 மணிவரை சந்திக்கலாம். இதில் ‘ஒன்லி’ ஒரே சொல்தான் உறுதியைச் சுமக்கிறது, அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். இரண்டாவது வாக்கியத்தில் நண்பர்களுக்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது, கனிவு அங்கேதான் இருக்கிறது. மறுக்கிற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், முடிகிற ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லாத வரிகளும் உண்டு, புகைபிடிப்பது மாதிரி. அங்கே சுற்றி வளைக்காமல் ‘நோ ஸ்மோக்கிங் இன்சைட் தி ஹவுஸ்’ என்றே போடலாம். யாரும் புண்படமாட்டார்கள்.

சாவிக்கொத்து

ஏன்னு காரணமும் எழுதணுமா சார்? நான் ஒரு தடவை ‘பாதுகாப்புக்காக’ன்னு போட்டேன். வந்தவர், “இந்த ஏரியா அவ்வளவு ஆபத்தா?”ன்னு பதறிட்டார்.

மூன்றாம் மொழி

ஹீட்டர், கேஸ் அடுப்பு போன்றவற்றுக்குக் காரணம் உதவும், செய்யும் முறையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. விருந்தினர் வரிக்கு நான் எழுதுவதில்லை. எழுதினால் அதை வைத்தே வாதாட இடம் கிடைக்கும்.

திண்ணை

அங்க நான் ஒத்துக்கமாட்டேன். பக்கத்து ரூம்ல கைக்குழந்தை தூங்குதுன்னு சொன்னா எவனும் வாதாட மாட்டான். காரணம் மனுஷங்களைப் பத்தினதா இருந்தா வேலை செய்யும்.

மூன்றாம் மொழி

உங்கள் வீட்டில் நீங்களே வாசலில் நிற்கிறீர்கள் ஐயா, தாள் மட்டும் பேசவில்லை.

மாடி அறை

இப்போதைக்கு 14 வரி 5 ஆகிவிட்டது. நாற்காலியை நகர்த்தக்கூடாது, சுவரில் சாயக்கூடாது என்றெல்லாம் எழுதி வைத்திருந்தவள்தான் நான். மூன்றை ஹீட்டர், வாசல் பூட்டு, வாஷிங் மெஷின் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன். புகையும் விருந்தினரும் பதிவுச் செய்தியிலேயே போகின்றன, கதவிலும் இருக்கின்றன.

புதுத் தாளை மேல்வீட்டு எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்து, படித்துவிட்டுத் தமிழில் என்ன செய்யச் சொல்கிறது என்று சொல்லச் சொன்னேன். நான்கை டக்கென்று சொன்னாள். பூட்டு வரியில் நின்றாள். ‘லாக் தி கேட் வென் யூ ஆர் தி லாஸ்ட் ஒன் இன்’ என்று எழுதியிருந்தேன், கடைசியாக வருபவர் பூட்டவேண்டும் என்று. “நான்தான் கடைசின்னு எனக்கு எப்படி ஆன்ட்டி தெரியும்?” என்றாள். யோசித்தால், வெளியே இன்னும் ஒருத்தர் இருக்கிறாரா என்று எனக்கே தெரியாது. இதற்கு யாராவது வழி வைத்திருக்கிறீர்களா?

சாவிக்கொத்து

வாசல்ல ஒரு பலகை, ரூமுக்கு ஒரு ஆணி அக்கா. வெளிய போகும்போது சாவியை அதுல மாட்டிட்டுப் போகணும், வந்ததும் எடுத்துக்கணும். ஆணியில சாவி எதுவும் தொங்கலைன்னா வந்தவர்தான் கடைசி, பூட்டிடலாம். இதுக்குக் கண்டிப்பா படமே வேண்டாம்.