கலைச்சொல்: ‘ஒர்க் இன் புராகிரஸ் லிமிட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கோவையிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். சரவணம்பட்டியில் ஐந்து பேர் கொண்ட மென்பொருள் குழுவில் பணிபுரிகிறேன். ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையாக ஒட்டி நகர்த்தும் எங்கள் கான்பான் பலகையில் ‘எடுக்க வேண்டியவை’, ‘உருவாக்கம்’, ‘சோதனை’, ‘முடிந்தவை’ என நான்கு பத்திகள் உள்ளன. நடுவிலுள்ள இரண்டின் தலைப்பிலும் முறையே 4, 2 என்று எழுதி, அதற்கு மேல் அட்டை ஒட்டக் கூடாது என்று வைத்திருக்கிறோம். குழுவுக்கான நடைமுறைக் குறிப்பைத் தமிழில் எழுதும்போது இந்த எண்ணுக்குப் பெயர் கிடைக்கவில்லை. இப்போதைக்குப் ‘பணிச்சுமை வரம்பு’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

பொள்ளாச்சியிலிருந்து:

வேலையை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பதுதானே கேள்வி? அதற்குக் ‘கெடு’ என்ற நல்ல சொல் வழக்கில் இருக்கிறது. ‘பணிக்கெடு’ என்றே எழுதலாம்.

ஈரோட்டிலிருந்து:

பொள்ளாச்சி அன்பர் சொல்வது நாள் கணக்கு, கேட்கப்பட்டிருப்பது எண்ணிக்கை. தொடங்கி இன்னும் முடியாத வேலைகள் ஒரு நேரத்தில் எத்தனை இருக்கலாம் என்பதே இந்த எண். ஆகவே ‘வரம்பு’ சரி, ‘கெடு’ பொருந்தாது.

ஆனால் ‘பணிச்சுமை’ என்பதை நான் ஏற்கவில்லை. சுமை என்றதும் தனி ஆளின் தோள்தான் நினைவுக்கு வரும். ஆளுக்கு இத்தனை என்று விதிக்கும் குழுக்களும் உண்டு. உங்கள் பலகையில் 4 என்பதோ உருவாக்கப் பத்திக்கு உரியது. சென்னிமலைத் தறியில் ஏற்றிய பாவு நெய்து முடியாமல் அடுத்த பாவை ஏற்ற முடியாது. நெசவாளர் சோர்ந்திருக்கிறாரா, சுறுசுறுப்பாக இருக்கிறாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. உங்கள் எண்ணும் அப்படி இடத்தைப் பற்றியதுதான்.

அந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி காட்டுகிறது. நீண்ட நாள் சராசரியில், நடப்பிலுள்ள வேலைகளின் எண்ணிக்கையை வாரத்துக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய எத்தனை வாரம் ஆகிறது என்பது கிடைக்கும். வரம்பு வைப்பதற்கு முன் உங்கள் பலகையில் எத்தனை அட்டைகள் இருந்தன?

கோவையிலிருந்து:

பன்னிரண்டு, ஐயா. வாரத்துக்கு நான்கு முடிந்தன; ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ மூன்று வாரம் ஆனது. புதிதாக எதையும் எடுக்காமல் ஆறாகக் குறையும் வரை காத்திருந்தோம். அதற்கு ஒன்றரை வாரம் ஆனது. அதன் பிறகும் வாரத்துக்கு நான்குதான் முடிந்தன, ஆனால் எடுத்த வேலை ஒன்றரை வாரத்தில் வெளியே போனது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், சோதனைப் பத்தி நிறைந்ததும் உருவாக்கம் முடிந்த அட்டையை நகர்த்த வழியில்லை. உருவாக்குபவர்கள் சோதனைக்குக் கைகொடுக்க வேண்டிய நேரம் அது. அதைச் செய்யாமல், நடுவே ‘காத்திருப்பு’ என்று வரம்பில்லாத ஒரு பத்தியைச் சேர்த்தோம். இரண்டே வாரத்தில் அதில் ஏழு அட்டைகள் சேர்ந்துவிட்டன.

திருப்பூரிலிருந்து:

பின்னலாடை நிறுவனத்தில் தையல் பிரிவைக் கவனிப்பவள் நான். உங்கள் காத்திருப்புப் பத்தியை நாள்தோறும் பார்க்கிறேன். ஓவர்லாக் எந்திரம் வேகமாக ஓடும். அடுத்த பிளாட்லாக் எந்திரத்தின் பக்கத்தில் பண்டில்கள் மலையாகக் குவியும். தையலில் ஒரு தவறு இருந்தால், அது கண்ணில் படுவதற்குள் அந்தக் குவியல் முழுவதும் அதே தவறோடு தைக்கப்பட்டிருக்கும். நாங்கள் இதைப் ‘பாதிச் சரக்கு’ என்போம். ‘பாதிச் சரக்கு வரம்பு’ என்று வைத்தால் எங்கள் மேற்பார்வையாளர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஈரோட்டிலிருந்து:

அம்மா சொன்ன சொல்லின் சிறப்பு, யாரும் தொடாமல் கிடப்பதையும் அது எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்வதுதான். காத்திருக்கும் ஏழும் எடுத்த வேலைகளே. வரம்புக்குள் உள்ள ஆறோடு அவற்றைச் சேர்த்து எண்ணினால் கோவைக் குழு பழைய பன்னிரண்டையும் தாண்டிப் பதின்மூன்றுக்கு வந்திருக்கிறது. ஆனால் மென்பொருளைச் ‘சரக்கு’ என்பது உறுத்துகிறது. ‘நடப்புப்பணி வரம்பு’ என்று முன்மொழிகிறேன்.

அவிநாசியிலிருந்து:

தமிழாசிரியன் என்ற முறையில் ஓர் ஐயம். ‘நடப்பு’ என்றால் நடந்துகொண்டிருப்பது. காத்துக் கிடக்கும் அட்டை நடக்கவில்லையே? ‘எடுபணி’ என்ற வினைத்தொகை சுருக்கமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் வினைத்தொகை முக்காலத்துக்கும் உரியது. இனி எடுக்கப்போகும் பணியும் அதில் அடங்கிவிடும். ‘எடுத்தபணி வரம்பு’ என்றால் காலம் தெளிவாகும். அதிலும் ஒரு குறை உண்டு: முடிந்த பணியும் எடுத்த பணிதான்.

கோவையிலிருந்து:

குறிப்பில் ‘நடப்புப்பணி வரம்பு’ என்றே எழுதுகிறேன். நடப்பு ஆண்டு, நடப்புக் கணக்கு என்னும் வழக்குகளில் தொடங்கி இன்னும் முடியாதது என்ற பொருள் இருப்பதால் குழுவினருக்கு எளிதில் விளங்குகிறது. ஆசிரியர் எழுப்பிய ஐயத்துக்கு என்னிடம் விடையில்லை. ‘காத்திருப்பு’ப் பத்தியை இன்று அழித்து, அதிலிருந்த அட்டைகளை உருவாக்கப் பத்திக்கே திருப்பிவிட்டோம். உருவாக்கத்தில் நான்குக்கு மேல் நிற்பதால், அது குறையும் வரை புதிய அட்டை எடுப்பதில்லை; உருவாக்குபவர்கள் இருவர் சோதனைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். உருவாக்கம் முடிந்தும் அதே பத்தியில் நிற்கும் அட்டைக்குத் தனிப்பெயர் வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள்.